சொசைட்டிக் கடன் தள்ளுபடி ஆனது, பேங்க் கடனுக்கு வட்டி எப்படி?

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். வாழப்பாடிப் பக்கம் எனக்கு மூணு ஏக்கர் இருபது சென்ட், கிணத்துப் பாசனம். 2019 ஜூலை 1-ஆம் தேதி மஞ்சள் போட ஒரு அரசு வங்கியில் கேசிசி கடன் 1,20,000 ரூபாய் வாங்கினேன். நிலப் பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறு வருஷம் மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து முடித்த நேரத்தில் லாக்டவுன் வந்தது. நல்ல விலைக்கு விற்க முடியவில்லை, கடனும் கட்டவில்லை. 2021-ல் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தபோது ஊர் சொசைட்டியில் எனக்கு இருந்த 48,000 ரூபாய் தள்ளுபடி ஆகி ரசீது கொடுத்தார்கள். பேங்க் கடனும் அதோடு போச்சு என்று ஊரில் எல்லாரும் சொன்னதால் நானும் விட்டுவிட்டேன். 2023 அக்டோபரில் பேங்க்கிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது 2025 டிசம்பர் 31 வரைக்கும் 2,50,140 ரூபாய் பாக்கி என்று நோட்டீஸ். பாஸ்புக்கில் 1,63,637 தான் இருக்கிறது. மறுபடியும் ஒரு பாரம் கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார்கள். 'தள்ளுபடி ஆன கடனுக்கு வட்டி போட்டது செல்லாது, ஒரு பைசா கட்ட மாட்டேன்' என்று பேங்க்குக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். என் பையன் அனுப்ப வேண்டாம், வக்கீலைக் கேளுங்கள் என்கிறான். குச்சிக்கிழங்கு வெட்டினால் ஒன்றரை லட்சம் வரும். அதைக் கட்டிவிடட்டுமா? நிலம் ஏலத்துக்குப் போய்விடுமா?"

— பெயர் வேண்டாம் என்ற விவசாயி, சேலம் மாவட்டம்

ஐயா, வணக்கம். உங்கள் மகன் சொன்னதைக் கேட்டு அந்தக் கடிதத்தை நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. வங்கி போட்டிருக்கும் வட்டிக் கணக்கில் தப்பு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட் நகலிலேயே அது தெரிகிறது. ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதம் அந்தத் தப்பை ஓரிடத்திலும் தொடவில்லை. அது நிற்பதெல்லாம் தள்ளுபடி என்ற ஒன்றின்மேல். அந்தத் தள்ளுபடி இந்தக் கடனுக்குக் கிடையாது. அதை அனுப்பியிருந்தால் வங்கி ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, உங்களை ஏமாற்றப் பார்த்தவர் என்று குறித்து வைத்திருக்கும்.

தள்ளுபடி எந்தக் கடனுக்கு

2021 பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் அறிவித்தது, 2021 ஜனவரி 31 நிலவரப்படி கூட்டுறவு நிறுவனங்களில் நிலுவையில் இருந்த பயிர்க்கடன்களுக்கு மட்டும். 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய் என்று அன்றைக்குச் சொன்ன கணக்கும் கூட்டுறவுக் கணக்குதான். கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்தப் பணத்தை மாநில அரசு ஈடுகட்டுகிறது. உங்களுடைய அரசு வங்கிக்கு அப்படி ஒரு ரூபாயும் மாநில அரசு கொடுக்கவில்லை. அதனால் அந்த வங்கி உங்கள் கடனைக் கழித்திருக்க வழியே இல்லை.

ஊரில் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 2008-ல் மத்திய அரசு கொண்டுவந்த தள்ளுபடியில் வணிக வங்கி, கிராம வங்கி, கூட்டுறவு என்று மூன்றும் சேர்ந்திருந்தன. ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்குத் தவணை தவறி நின்ற தொகை முழுதும் கழிந்தது. அதைப் பார்த்தவர்கள் 'தள்ளுபடி' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாக் கடனையும் நினைத்துக்கொள்கிறார்கள். 2016-லும் 2021-லும் தமிழ்நாட்டில் வந்தவை கூட்டுறவுக்கு மட்டும் வந்தவை. உங்கள் கையிலிருக்கும் தள்ளுபடி ரசீது சொசைட்டியின் 48,000 ரூபாய்க்கு முழுப் பாதுகாப்பு. அந்தக் கடனுக்கு நாளை யாராவது வட்டி பாக்கி என்று வந்தால் அந்த ரசீதைக் காட்டுங்கள், பத்திரமாக வைத்திருங்கள். பேங்க் கடன் விஷயத்தில் அதை எடுக்கவே வேண்டாம்.

பாஸ்புக்குக்கும் நோட்டீஸுக்கும் இடையே 86,503 ரூபாய்

இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, ஆனால் யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவம் தாண்டியும் பாக்கி நின்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன் ஆகிவிடும். மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். உங்கள் கெடு 2020 ஜூன் 30. அதிலிருந்து இரண்டு பருவம் என்றால் 2022 நடுவில் வருகிறது. பாஸ்புக்கில் கடைசியாக வட்டி ஏறியிருப்பதும் 2022 ஜூன் 30-ல்தான். வாராக்கடன் ஆன பிறகு வட்டியை வங்கி தன் வருமானமாகக் காட்ட முடியாது என்பதால், அதை உங்கள் கணக்கில் பற்று எழுதாமல் தனியாகக் குறித்துக்கொண்டே வரும். அப்படி மூன்றரை வருஷம் குறித்து வைத்த வட்டிதான் இந்த 86,503. பாஸ்புக்கில் வட்டி நின்றதைப் பார்த்து, கடனும் நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். உங்கள் ஊரில் 'தள்ளுபடி ஆச்சு' என்ற பேச்சு வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

வட்டி எங்கே தப்பு

நான் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் முழுக்கக் கணக்குப் போட்டேன். முதல் வருஷத்துக்கு 7 சதவீதம் போட்டிருக்கிறார்கள்; 8,400 ரூபாய். அது சரி. 2020 ஜூலை 1 முதல் 12.5 சதவீதம். அதாவது வங்கியின் சாதாரண விகிதம் 10.5, அதன்மேல் அபராத வட்டி 2. இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்த்து, சேர்த்த தொகைக்கு மறுபடி வட்டி போட்டிருக்கிறார்கள். பதினொரு அரையாண்டு இப்படி ஓட்டினால் 1,28,400 ரூபாய் 2,50,140 ஆகிறது. நோட்டீஸில் இருக்கும் தொகை அப்படியே வருகிறது. ஆக, அவர்கள் எப்படிப் போட்டார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. அப்படிப் போடலாமா என்பதே கேள்வி.

முதலில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்த்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2001-ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா எதிர் ரவீந்திரா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விவசாயக் கடனை மற்ற கடன்களைப் போல் பார்க்கக் கூடாது. அந்தப் பகுதியில் பயிர் எப்படிச் சுழல்கிறதோ அதைப் பொறுத்து வருஷத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோதான் வட்டியை அசலில் சேர்க்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. வருஷத்தில் இரண்டு போகம் நெல் எடுப்பவருக்கு ஆறு மாதக் கணக்கு பொருந்தலாம். மஞ்சள் போட்ட வயலில் அந்த வருஷம் வேறு பயிர் வராது. ஒரு வருஷத்துக்கு ஒருமுறைதான் உங்கள் கையில் காசு. அப்படியிருக்க ஆண்டுக்கு இரண்டு முறை சேர்த்ததற்கு வங்கிதான் காரணம் சொல்ல வேண்டும்.

அடுத்தது அபராத வட்டி. அதே தீர்ப்பு, அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் 2 சதவீதம் தனியாக நிற்கவே இல்லை, 12.5-க்குள் கலந்து அசலாகிவிட்டது. இதோடு 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: தவணை தவறியதற்கு அபராதம் என்றால் அது ஒரு தனிக் கட்டணமாக இருக்கலாமே தவிர வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது, அதற்கு மேல் வட்டியும் போடக் கூடாது. பழைய கடன்களையும் 2024 ஜூன் 30-க்குள் இந்த முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 2025 கடைசி வரை அதே 12.5 ஓடுகிறது.

மூன்றாவது தப்பு சின்னத் தொகைதான், ஆனால் வங்கியால் மறுத்துப் பேச முடியாதது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 1-லிருந்து ஆகஸ்ட் 31-க்குள் கெடு முடிகிற மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு, மத்திய அரசின் வட்டி மானியத்தை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். உங்கள் கெடு ஜூன் 30. அதனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்துக்கும் 7 சதவீதம்தான். 12.5 போட்டது தப்பு. இதை அவர்கள் ஒப்புக்கொண்டால், கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான்காவதாக ஒரு வரம்பு. சிறு, குறு விவசாயிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனில், கணக்கில் பற்று எழுதும் மொத்த வட்டி எந்த நேரத்திலும் அசலைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. ஐந்து ஏக்கருக்குள் என்றால் சிறு விவசாயி. நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். அசல் 1,20,000. வட்டி 1,30,140 கேட்கிறார்கள். 10,140 கூடுதல். வங்கி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும்: 'கணக்கில் பற்று எழுதியது 43,637 தான், மீதி தனியாகக் குறித்து வைத்தது' என்பார்கள். எழுத்தைப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பதிலிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போட்டுக் கேட்கிற நாளில் அந்தத் தொகையை உங்கள் தலையில் ஏற்றியாயிற்று; பற்று எழுதவில்லை என்று சொல்லிவிட்டுக் கட்டு என்று கேட்பது பொருந்தாது. இது நல்ல வாதம். ஆனாலும் வாதம்தான், முன்சொன்ன மூன்றைப் போலக் கெட்டியானது இல்லை. அதனால் கடிதத்தில் கடைசியாக வைப்போம்.

சரியாகப் போட்டால் எவ்வளவு

2020 ஆகஸ்ட் 31 வரை பதினான்கு மாதத்துக்கு 7 சதவீதம் என்றால் 9,800 ரூபாய். அசலோடு சேர்ந்து 1,29,800. அதன்பிறகு அபராதம் இல்லாமல் 10.5 சதவீதம், வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் சேர்த்தால், ஐந்து வருஷத்தில் சுமார் 2,13,840. கடைசி நான்கு மாதத்துக்கும் சேர்த்து 2025 டிசம்பர் 31-ல் சுமார் 2,21,300 வருகிறது. வங்கி கேட்பதைவிட ஏறத்தாழ 28,800 குறைவு.

ஒரு பைசாவும் கட்ட வேண்டாம் என்று நினைத்திருந்த உங்களுக்கு இந்தத் தொகை பெரிய ஏமாற்றம் தரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கெடு தாண்டிய விவசாயக் கடனுக்கு ஆண்டுக்கொரு முறை கூட்டு வட்டி போட வங்கிக்கு உரிமை உண்டு. தனி வட்டி மட்டும்தான் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனி வட்டிப்படி பார்த்தால் இரண்டு லட்சத்துக்கும் கீழே வரும். அதைச் சமரசப் பேச்சில் கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

பேங்க்குக்கு எழுத வேண்டிய கடிதம்

'கொள்ளை வட்டி', 'அநியாய வட்டி' போன்ற சொற்கள் வேண்டாம். கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் வங்கியின் வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் அதைத் திருப்பிப் பார்ப்பதை வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு தடுக்கிறது. ரிசர்வ் வங்கி சொன்னதை மீறி வட்டி போட்டார்கள் என்று காட்டும்போதுதான் கதவு திறக்கும். எனவே எந்த விதி, எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய் என்று மட்டும் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு, என் கேசிசி கணக்கு எண் ______. 2019 ஜூலை 1-ல் மஞ்சள் சாகுபடிக்கு 1,20,000 ரூபாய் பெற்றேன். எனக்குள்ள நிலம் 3 ஏக்கர் 20 சென்ட்; சிட்டா, அடங்கல் நகல் இணைத்துள்ளேன். 31.12.2025 வரை 2,50,140 ரூபாய் என்று தங்கள் நோட்டீஸில் கண்டுள்ள தொகையை நான் ஏற்கவில்லை. காரணங்கள்: 1.7.2020 முதல் 31.8.2020 வரை வட்டி மானிய நீட்டிப்பின்படி 7 சதவீதத்துக்குப் பதில் 12.5 சதவீதம் விதிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒரு பயிரான மஞ்சளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்க்கப்பட்டுள்ளது. 2 சதவீத அபராத வட்டி அசலில் சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி போடப்பட்டுள்ளது, 30.6.2024-க்குப் பிறகும் அது தொடர்கிறது. கேட்கப்படும் மொத்த வட்டி அசலைவிட அதிகமாக உள்ளது. எனவே கடன் கொடுத்த நாள் முதல் இன்று வரை ஒவ்வொரு காலத்துக்கும் வட்டி விகிதம், அபராதம், அசலில் சேர்த்த தேதி, கணக்கில் ஏற்றாமல் தனியாகக் குறித்த வட்டி ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் கணக்கையும், நான் கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தம், 2023 அக்டோபர் படிவம் ஆகியவற்றின் நகல்களையும் தரவும். மேற்கண்டவற்றைத் திருத்திய கணக்கை 30 நாளில் எழுத்தில் தெரிவிக்கவும். திருத்திய தொகையைப் பேசித் தீர்க்க நான் தயாராக இருக்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கிளையில் கொடுத்து மற்றதில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலை வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடமும் ஒரு நகல் கொடுக்கலாம். அவர் கணக்கைத் திருத்த முடியாது, ஆனால் கிளையில் தூங்கும் காகிதம் நகர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் விதிகளைத் தொடாமல் 'சிஸ்டம் போட்ட வட்டி' என்று முடிந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. உங்கள் பையன் போனிலேயே செய்துவிடலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். தாமதிக்க மட்டும் வேண்டாம். விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் அடுத்துச் சொல்லப்போகும் தேதி முக்கியமாகிறது.

அந்தக் கையெழுத்து

2023 அக்டோபரில் நீங்கள் போட்டது கடன் ஒப்புகைக் கையெழுத்து. கடன் பணத்தை வசூலிக்க வங்கி மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்; நிலம் சட்டப்படி ஈடாகியிருந்தால் மட்டும் அந்த ஈட்டின்மேல் வழக்குப் போட பன்னிரண்டு வருஷம் உண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்ட நாளிலிருந்து மறுபடி மூன்று வருஷம். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால், நீங்கள் கையெழுத்துப் போட்டபோது வங்கியின் கெடு முடியவில்லை. ஆகவே அந்தக் கையெழுத்து செல்லும், அதன் ஆயுள் 2026 அக்டோபர் வரை. இப்போது மறுபடி பாரத்தோடு ஏன் வருகிறார்கள் என்று இதிலிருந்தே தெரியும். கையெழுத்து கிடைத்தால் இன்னும் மூன்று வருஷம். கிடைக்காவிட்டால் அக்டோபருக்குள் அவர்கள் பணத்துக்கான வழக்கைப் போட்டாக வேண்டும்.

பாரத்தில் 2,50,140 என்று தொகை எழுதியிருந்தாலோ, தொகைக்கான இடம் காலியாக இருந்தாலோ கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கு அதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வட்டிக் கணக்கைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும், 'ஒப்புக்கொண்டவர்தானே' என்று அதைத்தான் முன்னால் வைப்பார்கள். கணக்கைத் திருத்திக் கொடுங்கள், பிறகு போடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. நான் மேலே எழுதிக் கொடுத்த கடிதமும் ஓர் ஒப்புகைதான். தொகையை மறுத்தாலும், கடன் இருப்பதை ஒப்புக்கொண்டால் காலக்கெடு புதுப்பிக்கப்படும் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. கெடு தாண்டட்டும் என்று பேசாமல் இருப்பது ஒரு வழியாகத் தோன்றலாம். உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வங்கி வழக்குப் போட்டால் இந்தத் தப்பான கணக்கோடு, கோர்ட் செலவும் சேர்ந்து வரும். அதோடு அடுத்த பயிருக்கு எந்த வங்கிப் படியும் ஏற முடியாது. கட்டத் தயாராக இருக்கிறவர் நீங்கள், அதனால் எழுதுவதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

கிழங்குப் பணமும் நிலமும்

ஒன்றரை லட்சத்தை இப்போது அப்படியே கொண்டுபோய்க் கட்ட வேண்டாம். பேச்சு முடியாமல் கட்டும் பணம் பெரும்பாலும் வட்டிக்குத்தான் முதலில் போகும்; அசல் 1,20,000 அசையாமல் நிற்கும், நீங்கள் பேரம் பேச வைத்திருந்த பணமும் போயிருக்கும். கிழங்குப் பணம் வந்ததும் அதே வங்கியில் இருக்கும் சேமிப்புக் கணக்கிலும் போடாதீர்கள். அங்கிருந்து கடனுக்குப் பிடித்துக்கொள்ள வங்கிக்கு வழி இருக்கிறது.

வாராக்கடனாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆன கணக்கை ஒரே தவணையில் முடிக்க, வங்கிகள் ஓடிஎஸ் என்கிற சமரசத் திட்டம் வைத்திருக்கும். உங்கள் கையிலிருக்கும் ஒன்றரை லட்சமும் திருத்திய கணக்கும் சேர்ந்தால் பேச இடம் இருக்கிறது. ஆனால் அது உரிமை இல்லை. இவ்வளவுக்கு முடித்துத்தான் ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறைத்து முடித்த கடன் என்று உங்கள் கடன் வரலாறான சிபில் பதிவில் ஏறும், கொஞ்ச வருஷத்துக்குப் புதுக் கடன் சிரமம். சொசைட்டி உங்களுக்குப் பயிர்க்கடன் தருகிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு நோட்டீஸ் வந்தால் போங்கள், ஆனால் அங்கே கையெழுத்தாகும் தொகைக்கு அப்பீல் இல்லை. திருத்திய கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.

நிலம் ஏலத்துக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வங்கிகள் சொத்தைக் கையகப்படுத்தும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றும் நிலைக்கு வந்தால்தான் அந்தப் பேச்சே. நாளைக்கே டமாரம் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

பத்திர விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுவே உறுத்தியது. 2019 பிப்ரவரியிலிருந்தே 1,60,000 ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு நிலத்தை ஈடாக வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. உங்கள் கடன் 1,20,000, கொடுத்தது அதே வருஷம் ஜூலையில். எந்த ஆவணத்தின் பேரில் பத்திரத்தை வைத்திருக்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடனை முடித்த பிறகு 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் இருக்கும் விதி. பணம் கட்டும் நாளில் பாக்கியில்லாச் சான்றையும் பத்திரத்தையும் கேட்டு வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வில்லங்கச் சான்று போட்டு, வங்கியின் பேர் நிலத்தின்மேல் எங்காவது நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நின்றால் அதை நீக்கும் செலவும் வேலையும் அவர்களுடையது. அதையும் பேசி முடிக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.